வீடியோ அழைப்பில் நன்னியின் துஆ



நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு நன்னியின் மகன் குடும்பத்தோடு டொரண்டோவில் இருக்கிறார். அங்குள்ள மூன்று பேரப்பிள்ளைகளுக்கும் நன்னி வீடியோ அழைப்பில் ஓதி ஊதுவார். 'போனில் ஊதினால் சேராது' என்று யாரோ சொல்ல, ஓதுவதையே விட்டுவிட்டார். மனம் பொறுக்காமல் நம் அலுவலகத்துக்கு வந்து கேட்டார்.

அவர் ஓதியது, நபி (ஸல்) அவர்கள் தம் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் ஓதிய பாதுகாப்பு துஆ. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் இடம்பெற்றுள்ளது. இப்ராஹீம் (அலை) அவர்களும் இஸ்மாயீல், இஸ்ஹாக் (அலை) இருவருக்காக இதையே ஓதினார்கள் என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஷைத்தான், விஷ ஜந்து, கண்ணேறு ஆகியவற்றிலிருந்து பிள்ளைகளை அல்லாஹ்வின் பாதுகாப்பில் ஒப்படைப்பதே இதன் பொருள்.

ஊதுவதும் தலையில் கை வைப்பதும் பக்கத்தில் இருப்பவர் செய்வது. துஆவோ அல்லாஹ்விடம் கேட்பது. அதற்குத் தூரம் தடையில்லை. கண்முன் இல்லாதவருக்காகத் துஆ செய்தால், வானவர் ஆமீன் கூறி 'உனக்கும் அதுபோலவே' என்பார் என முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது. ஆகவே திரையில் ஊத வேண்டியதில்லை. நன்னி ஓதட்டும், தலையில் கை வைப்பதைப் பெற்றோர் செய்யட்டும் என்றோம்.

ஓதச் சொல்லிக் கேட்டபோது ஒரு திருத்தம் தேவைப்பட்டது. முதல் சொல்லான 'உஈதுகுமா' இருவருக்கு உரியது. மூன்று பிள்ளைகள் என்றால் 'உஈதுகும்'. ஒரே பிள்ளை என்றால் ஆணுக்கு 'உஈதுக', பெண்ணுக்கு 'உஈதுகி'. மூன்றாவது பேரன் பிறந்த பிறகும் நன்னி பழைய சொல்லையே ஓதிவந்தாராம். சொன்னதும் சிரித்துவிட்டார். அரபி வராதவர்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தமிழிலேயே கேட்கலாம்.

இன்னொரு சிக்கல் போனில். நன்னி முணுமுணுப்பாக ஓதுவார். மெல்லிய குரலை இரைச்சல் என்று எண்ணி போன் அடக்கிவிடுவது உண்டு. பிள்ளைகள் இடையிடையே ஆமீன் சொன்னாலும் நன்னியின் குரல் வெட்டுப்படும். பிள்ளைகளின் உதடு அசையாமல், 'நன்னி, கேட்கலை' என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தால் இதுதான் காரணம். போனை முகத்தருகே வைத்து வாய்விட்டு ஓத வேண்டும். முடித்தபின் ஒரு நொடி பொறுத்தால் ஆமீன் வந்து சேரும்.

நேரமும் பார்க்க வேண்டும். நம் மஃரிபுக்குப் பின் அழைத்தால் அங்கே காலை; பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம். நாம் ஃபஜ்ர் தொழுது 5.30 மணிக்கு அழைத்தால், கோடையில் அங்கே முந்தைய நாள் இரவு 8 மணி, படுக்கப் போகும் நேரம். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்ததும் அது 7 மணியாகிவிடும். மார்ச்சில் மறுபடி 8.

நன்னி இப்போது ஃபஜ்ருக்குப் பின்தான் அழைக்கிறார். அங்கே மருமகள் மூன்று தலைகளிலும் மாறி மாறிக் கை வைக்கிறார். சின்னவன் மட்டும் ஆமீனை முந்திச் சொல்லிவிடுகிறானாம்.