குட்டை உடைக்காமல் மொழிபெயர்ப்பது எப்படி?

ஒரு மர்மப் படம். கொலை செய்தது யார் என்பது கடைசி ரீலில்தான் தெரியும். டிக்கெட் வாங்கிக்கொண்டு கொட்டகை வாசலில் நிற்கிறீர்கள். முந்தின காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிற ஆசாமி, "அந்தத் தோட்டக்காரன்தான் சார் கொலைகாரன்!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு போகிறார். உங்களுக்கு எப்படியிருக்கும்?

அந்தப் பாவத்தை நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன், வாயால் அல்ல, பேனாவால். ஓர் ஆங்கிலப் பட விமரிசனத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மூலத்தில் 'மர்டரர்' என்று ஒரே ஒரு சொல். படத்தை நான் பார்த்திருந்தேன். கை தானாக 'கொலைகாரி' என்று எழுதிவிட்டது. மறுநாள் எதிர்வீட்டு அம்மாள் சொன்னார்: "தம்பி, உன் புண்ணியத்திலே எனக்கு டிக்கெட் காசு மிச்சம். படத்திலே பெண்பிள்ளை ஒருத்திதான் என்று நீயே மேலே எழுதியிருக்கிறாயே!"

அந்தப் படத்தின் பெயரை இப்போதும் சொல்லமாட்டேன்.

விமரிசனம் எழுதியவர் எவ்வளவு சொன்னாரோ, அவ்வளவுதான் மொழிபெயர்ப்பவரும் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் நம்முடைய தமிழே சில இடங்களில் காலை வாரிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்

1957-ல் வந்த ஆங்கிலப் படம், 'விட்னஸ் பார் தி பிராசிக்யூஷன்'. அரசுத் தரப்புச் சாட்சி என்று பொருள். அகதா கிறிஸ்டியின் கதை. டைரக்டர் பில்லி வைல்டர். பணக்கார விதவை ஒருத்தி கொலையாகிறாள். அவளோடு பழகிய ஒரு வாலிபன்மேல் சந்தேகம் விழுகிறது. நோயிலிருந்து எழுந்து வந்த கிழ வக்கீல் ஒருவர் அவன் வழக்கை எடுத்துக்கொள்கிறார். வக்கீலாகச் சார்லஸ் லாட்டன், வாலிபனாக டைரோன் பவர், அவன் மனைவியாக மார்லீன் டீட்ரிச் நடித்திருக்கிறார்கள்.

இந்தப் படம் முடிந்ததும் ஒரு குரல் கேட்கும். இன்னும் படம் பார்க்காத நண்பர்களிடம் முடிவைச் சொல்லிவிடாதீர்கள் என்று அது பார்த்தவர்களைக் கேட்டுக்கொள்ளும். படம் எடுத்தவர்களே இப்படிக் கேட்கும்போது, மொழிபெயர்ப்பவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

இந்தப் படத்துக்கு ஓர் ஆங்கில விமரிசனம் வந்ததாக நாமே கற்பனை செய்துகொள்வோம். அதில் உள்ள ஐந்து இடங்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கிப் பார்ப்போம்.

வந்தானா, வந்தாளா?

முதல் இடம். விமரிசகர் எழுதுகிறார்: பிறகு அந்தச் சாட்சி வருகிறது பாருங்கள், கொட்டகையே நிமிர்ந்து உட்காருகிறது. சாட்சி யார் என்று அவர் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் வினைச்சொல் ஆண் பெண் காட்டாது. அதனால் அவருக்குச் சிரமமே இல்லை.

தமிழில் 'வருகிறது' என்று எழுதினால் மாடு வருகிற மாதிரி இருக்கும். 'வருகிறான்' என்றால் ஆண் என்று தெரிந்துபோகும். 'வருகிறாள்' என்றால் பெண் என்று தெரிந்துபோகும். எதை எழுதினாலும் மூலத்தில் இல்லாத ஒரு செய்தியை வாசகருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

வழி என்ன? வருகிற ஆளை விட்டுவிட்டு வேறொன்றை வரச் செய்ய வேண்டும். 'பிறகு அந்தச் சாட்சியின் முறை வருகிறது' என்று எழுதுங்கள். இப்போது வருவது முறை. ஆண் பெண் பேச்சே எழவில்லை. வாக்கியமும் நல்ல தமிழாக இருக்கிறது.

'அவர் வருகிறார்' என்று மரியாதையாக எழுதினால் போதாதா என்று கேட்கலாம். சில சமயம் போதும். ஆனால் மற்றவர்களையெல்லாம் அவன், அவள் என்று எழுதிவிட்டு ஒருவரை மட்டும் 'அவர்' என்றால், எதையோ மறைக்கிறோம் என்று வாசகர் கண்டுகொள்வார். ஆகையால் யாருக்கு 'அவர்', யாருக்கு 'அவன்' என்பதை முதல் வரியிலேயே தீர்மானித்துவிட வேண்டும். வயதையும் அந்தஸ்தையும் பார்த்துத் தீர்மானிக்கலாம். கதையில் பின்னால் நல்லவன் ஆகிறானா, கெட்டவன் ஆகிறானா என்பதைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. நடுவழியில் 'அவர்' திடீரென்று 'அவன்' ஆனால், வில்லன் யார் என்று தண்டோரா போட்ட மாதிரிதான்.

நம் ஊர்ப் படத்திலும் இதைப் பார்க்கலாம். 1954-ல் ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்' நினைவிருக்கிறதா? பாட்டே இல்லாத படம். ஆரம்பத்திலேயே கதாநாயகனைச் சுட்டுவிடுகிறார்கள். சந்தேகத்துக்கு ஆளாகிறவர்களில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. 'சுட்டவன் யார்?' என்று எழுதினால் பெண்கள் மீதுள்ள சந்தேகம் அந்த நிமிஷமே போய்விடும். 'சுட்டது யார்?' என்று எழுதினால் எல்லார் மீதும் சந்தேகம் அப்படியே நிற்கும். ஒரு விகுதி வித்தியாசம், பாதிப் படம் வித்தியாசம்.

குற்றவாளி யார்?

இரண்டாவது இடம். வழக்கில் மாட்டிக்கொண்ட அந்த வாலிபனைப் பற்றி விமரிசகர் எழுதுகிறார். அவனுக்கு இனிய முகம், தான் கொலை செய்யவில்லை என்று அவன் சொல்கிறான். அவ்வளவுதான்.

இங்கே மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, 'குற்றவாளி' என்ற சொல். நாம் பேச்சுவாக்கில் குற்றவாளிக் கூண்டு என்கிறோம். ஆனால் தீர்ப்பு வருகிறவரை அவன் குற்றம் சாட்டப்பட்டவன்தான். 'குற்றவாளி' என்று எழுதினால் நாமே தீர்ப்புச் சொன்னதாக ஆகும்.

இரண்டாவது, 'சொல்லிக்கொள்கிறான்' என்பது. 'சொல்கிறான்' என்றால் நடுநிலை. 'சொல்லிக்கொள்கிறான்' என்றால் நமக்கு நம்பிக்கையில்லை என்று பொருள். இப்படி ஒரு சிறு ஒட்டு அவனைப் பொய்யன் ஆக்கிவிடுகிறது.

மூன்றாவது, முகம். 'இனிய முகம்' என்றால் இனிய முகம். 'சாது போன்ற முகம்' என்றால் வாசகர் உடனே, "போன்றதா? அப்படியானால் சாது இல்லையா?" என்று கேட்பார். அதற்குப் பயந்து 'அப்பாவி வாலிபன்' என்று எழுதினால் அதுவும் தவறு. அவன் குற்றமற்றவன் என்று நாம் ஜாமீன் கொடுத்தது போல ஆகிவிடும்.

ஜன்னலும் கண்ணாடியும்

மூன்றாவது இடம் ஒரு காட்சியைப் பற்றியது. கிழ வக்கீல் ஒற்றைக்கண் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறார். எதிரே இருப்பவர் முகத்தில் அதன் ஒளியைப் பாய்ச்சி, மெய் சொல்கிறாரா பொய் சொல்கிறாரா என்று பார்ப்பது அவர் பழக்கம். இதை விமரிசகர் சொல்லிவிட்டு, 'அப்போது டீட்ரிச் ஜன்னல் திரையை என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்' என்று நிறுத்திவிடுகிறார்.

படம் பார்க்காத மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே ஒரு விபத்து காத்திருக்கிறது. 'திரை' என்றால் சினிமாத் திரையும் ஆகும் அல்லவா? 'டீட்ரிச் திரையில் செய்வதைக் கவனியுங்கள்' என்று எழுதிவிடுவார். அர்த்தமே மாறிவிடும். ஆகையால் 'ஜன்னல்' என்ற சொல்லை விடக்கூடாது.

படம் பார்த்தவருக்கு வேறு விபத்து. அந்த அம்மாள் என்ன செய்தார், அதனால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது என்று விளக்கம் எழுதக் கை துடிக்கும். வாசகருக்கு உதவி செய்வதாக நினைப்பார். ஆனால் விமரிசகர் வைத்தது ஓர் அழைப்பு. 'போய்ப் பார்' என்றார். நாம் விளக்கிவிட்டால் அழைப்பு செய்தியாகிவிடும்.

கண்ணாடி என்ன என்று விளக்கலாம். காட்சியில் என்ன நடந்தது என்று விளக்கக் கூடாது. பொருள் புரிய வேண்டும், சம்பவம் காத்திருக்க வேண்டும்.

காரம் குறையக் கூடாது

நான்காவது இடத்தில் விமரிசகரின் சொந்த அபிப்பிராயம் வருகிறது. 'நீதிமன்றக் காட்சிகளின் நடுவே நான் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்' என்கிறார்.

இதைப் பலர் 'நீதிமன்றக் காட்சிகள் சற்று நீளம் எனலாம்' என்று எழுதிவிடுவார்கள். யாருக்கு நீளம்? யார் சொன்னார்கள்? 'நான்' காணாமல் போயிற்று, கடிகாரமும் போயிற்று. விமரிசகர் ஒரு மனிதர். அவருக்கு எங்கே அலுத்தது, எங்கே பிடித்தது என்பதற்காகத்தானே அவரைப் படிக்கிறோம்?

இன்னும் சிலர் 'நீதிமன்றக் காட்சிகள் வெறும் வளவளா' என்று காரத்தைக் கூட்டிவிடுவார்கள். அவர் இரண்டு தடவைதான் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து போகவில்லை. மூலத்தில் உள்ள கடிகாரத்தை அப்படியே தமிழிலும் கட்டிவிடுங்கள். அதுவே போதும்.

கடைசிப் பத்து நிமிஷம்

ஐந்தாவது இடம். 'கடைசிப் பத்து நிமிஷத்தைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை' என்று விமரிசகர் முடிக்கிறார். தமிழில் இதை 'யாரும் எதிர்பாராத திடுக்கிடும் முடிவு' என்று எழுதும் ஆசை எல்லாருக்கும் வரும். விளம்பரம் மாதிரி அழகாகவும் இருக்கும்.

ஆனால் அவர் அப்படிச் சொன்னாரா? முடிவு திடுக்கிட வைக்கும் என்று அறிந்தவன் படத்தை வேறு கண்ணோடு பார்ப்பான். யார் நல்லவராகத் தெரிகிறாரோ அவர்மேல் முதலில் சந்தேகப்படுவான். வாய் திறக்கமாட்டேன் என்றவரின் வாயை நாம் ஏன் திறக்க வேண்டும்?

அனுப்புமுன் ஒரு பரீட்சை

எதிர்வீட்டு அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எழுத உட்காருமுன் ஒரு துண்டுக் காகிதத்தில், மூலத்தைப் படித்தவருக்குக் கதையில் எதெல்லாம் தெரியும் என்று குறித்துக்கொள்வேன். இறந்தது விதவை, மாட்டிக்கொண்டது வாலிபன், ஒரு சாட்சி உண்டு, அது யார் என்று தெரியாது. இப்படி ஏழெட்டு வரிகள்.

மொழிபெயர்த்து முடித்ததும், படம் பார்க்காத ஒருவரிடம் அதைக் கொடுப்பேன். படித்து முடித்ததும் கேட்பேன்: "கதையில் உங்களுக்கு என்னென்ன தெரிகிறது? யார்மேல் சந்தேகம் வருகிறது? ஏன்?" அவர் சொல்வது என் காகிதத்தில் இல்லை என்றால், எந்தச் சொல்லால் அப்படி நினைத்தார் என்று காட்டச் சொல்வேன். பெரும்பாலும் ஒரு 'போன்ற', ஓர் 'அவள்', அல்லது ஓர் உறவு முறை அகப்படும்.

உறவு முறைதான் மிகவும் பொல்லாதது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மைத்துனன், கொழுந்தன், சகலை எல்லாரையும் சொல்லிவிடுவார்கள். நாம் சரியாக எழுத வேண்டும் என்று 'சகலை' என்று போட்டால், கதாநாயகன் மனைவிக்கு ஒரு சகோதரி இருப்பது வெளியாகிவிடும். படம் அவளைக் கடைசிவரை ஒளித்து வைத்திருந்தால்? அப்போது 'உறவினர்' என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருப்பதே நல்லது. அதில் துல்லியம் சிறிது குறையும். குறையட்டும். குறைத்துச் சொன்னதைப் படம் பிறகு சொல்லிக்கொள்ளும். கூட்டிச் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

கட்டுரைக்குத் தலைப்பும் படக் குறிப்பும் போடுகிறவர் வேறொருவராக இருந்தால், அவரிடமும் அந்தத் துண்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட வேண்டும். உள்ளே ஆயிரம் சொற்களில் காத்த ரகசியம், மேலே நான்கு சொல் தலைப்பில் போனதுண்டு.

இப்போது என் காகிதத்தைப் பரீட்சை பார்ப்பவர் யார் தெரியுமா? அதே எதிர்வீட்டு அம்மாள்தான். இந்தக் கட்டுரையையும் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அந்தச் சாட்சி யார் என்று கடைசிவரை நீ சொல்லவே இல்லையே?" என்று கோபித்துக்கொண்டார்.

எனக்குத் திருப்தியாக இருந்தது.