தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியைச் சொல்வது யார்?

மதுரையில் ஒரு கல்லூரி மாணவி தன் போனில் ta.wikipedia.org என்று தட்டுகிறாள். பக்கம் திறப்பதற்கு முன்னால் 34 பைட் நீளமுள்ள ஒரு கேள்வி போனிலிருந்து கிளம்பியாக வேண்டும். ஏனென்றால் இணையத்தில் ஒரு கணினி இன்னொன்றைத் தேடிப் போவது பெயரை வைத்து அல்ல, 103.102.166.224 போன்ற ஐபி எண்ணை வைத்துத்தான். இந்தப் பெயருக்கு உரிய எண் எது என்பதுதான் அந்த 34 பைட்டில் இருக்கும் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். முதல் 12 பைட் தலைப்பு. கேள்விக்கான அடையாள எண்ணும் இன்ன பிற குறிகளும் அதில் இருக்கும். கடைசி 4 பைட், எந்த வகைத் தகவல் வேண்டும் என்று சொல்கிறது. நடுவில் இருக்கும் 18 பைட்தான் பெயர். ஆனால் நாம் தட்டிய புள்ளிகள் அதில் இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் எழுத்துகளின் எண்ணிக்கை வருகிறது: 2, பிறகு ta, 9, பிறகு wikipedia, 3, பிறகு org, கடைசியில் ஒரு சுழியம். அந்தச் சுழியம் வெறும் முற்றுப்புள்ளி அல்ல. எழுத்தே இல்லாத ஒரு துண்டு அது. பெயர் மரத்தின் வேர். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கும் பெயரை, தேடுகிறவர்கள் வேரிலிருந்து தொடங்கி, வலமிருந்து இடமாகவே பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

கேள்வி வெளியே போகும் முன் வீட்டுக்குள்ளேயே ஒரு தேடல் நடக்கும். சற்று முன்புதான் இதே தளத்தைத் திறந்திருந்தால் பிரவுசரின் கேஷிலேயே பதில் இருக்கும். இல்லாவிட்டால் பிரவுசர் போனின் இயங்குதளத்தைக் கேட்கும். இயங்குதளம் தன் கேஷையும், hosts என்ற சின்னக் கோப்பையும் பார்க்கும். அந்தக் கோப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1980களின் தொடக்கம் வரை, அன்றைய அர்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில்தான் இருந்தன. கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த ஏற்பாடு திணறியது. 1983இல் பால் மொகாபெட்ரிஸ் இன்றைய டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். பொறுப்பைப் பங்கிட்டு, ஒவ்வொரு பகுதியையும் அதன் உரிமையாளரிடமே விட்டுவிடுவதுதான் அவர் செய்தது. பழைய கோப்பின் வாரிசு மட்டும் நம் கணினிகளில் இன்னும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

அங்கேயும் பதில் கிடைக்காதபோது போன் ஒரு ரிசால்வரிடம் போகிறது. பெரும்பாலும் அது இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தின் ரிசால்வர். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற பொது ரிசால்வர்களையும் பயன்படுத்தலாம். போனுக்கு இதோடு வேலை முடிந்தது. கேட்டுவிட்டுக் காத்திருப்பது மட்டும்தான் அதன் பங்கு. அலைச்சல் முழுக்க ரிசால்வருடையது.

அந்த ரிசால்வர் இப்போதுதான் இயங்கத் தொடங்கியது, அதன் கேஷ் காலி என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ரூட் சர்வர்களின் முகவரிகள். மென்பொருளோடு சேர்ந்தே வரும் பட்டியல் அது, 198.41.0.4 என்பது அதில் முதல் முகவரி. ரூட் சர்வர்களுக்கு a முதல் m வரை மொத்தம் 13 பெயர்கள். பதின்மூன்றோடு நிறுத்தியதற்குக் காரணம், அந்தக் காலத்தில் ஒரு பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்றிருந்த வரம்பு. ஆனால் 13 பெயர் என்றால் 13 கணினிகள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே முகவரியை உலகின் பல இடங்களிலிருந்து அறிவிக்கும் எனிகாஸ்ட் முறையில், இன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் அவற்றின் பிரதிகள் இயங்குகின்றன. கேள்வி எந்தப் பிரதிக்குப் போகும் என்பதை வலையமைப்பின் பாதைகள்தான் முடிவு செய்கின்றன.

ரூட் சர்வருக்குத் தமிழ் விக்கிப்பீடியா எங்கே என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது கடைசித் துண்டு மட்டும்: com யாரிடம், org யாரிடம், in யாரிடம். தமிழில் எழுதப்படும் .இந்தியா, .சிங்கப்பூர், .இலங்கை ஆகிய மூன்றும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அங்கே .இலங்கை என்ற பெயர் xn--xkc2al3hye2a என்ற வடிவத்தில்தான் பதிவாகியிருக்கிறது. மாணவியின் கேள்விக்கு ரூட் தரும் பதில் இது: ‘எனக்குத் தெரியாது, org-ஐக் கவனிப்பவர்கள் இவர்கள், போய்க் கேளுங்கள்.’ கூடவே அவர்களின் முகவரிகளையும் தரும். முன்பெல்லாம் ரிசால்வர் முழுப் பெயரையும் ரூட்டிடமே சொல்லிவிடும். இப்போது பல ரிசால்வர்கள் org என்பதை மட்டும்தான் கேட்கின்றன. யார் எந்தத் தளத்தைத் தேடுகிறார்கள் என்பது ரூட்டுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நல்ல மாற்றம் இது.

அடுத்து b0.org.afilias-nst.org போன்ற ஒரு org சர்வர். அதற்கும் இறுதி விடை தெரியாது. wikipedia.org-க்குப் பொறுப்பு ns0.wikimedia.org, ns1, ns2 என்று கைகாட்டும். இங்கே ஒரு சிக்கல் எட்டிப் பார்க்கிறது. ns0.wikimedia.org என்பதும் ஒரு பெயர்தானே? அதன் எண்ணைக் கண்டுபிடிக்க மறுபடி org சர்வரிடம் போய், அது wikimedia.org-க்கு ns0-ஐக் கைகாட்டி, இப்படியே சுற்றினால் விதை முந்தியா மரம் முந்தியா என்ற கதையாகிவிடும். அதனால்தான் org சர்வர், பெயரைச் சொல்லும்போதே அதன் ஐபி எண்ணையும் ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. துறையில் இதற்கு ‘க்ளூ’ என்று பெயர். பசை என்ற பொருளில்.

மூன்றாவது கதவுதான் திறக்கிறது. விக்கிமீடியாவின் சர்வர், ta.wikipedia.org என்பது dyna.wikimedia.org-க்கு இன்னொரு பெயர் என்று சொல்லி, அதற்கான எண்ணையும் தரும். எல்லாருக்கும் ஒரே எண்ணைத் தராது; கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து அருகிலுள்ள மையத்தைக் காட்டும். விக்கிமீடியாவுக்குச் சிங்கப்பூரில் ஒரு மையம் உண்டு. அதன் எண்தான் 103.102.166.224. ரிசால்வர் அதைப் போனிடம் கொடுக்கிறது. பிரவுசர் சிங்கப்பூரோடு இணைப்பு எடுக்கத் தொடங்குகிறது.

இந்தப் பயணத்தைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் லினக்ஸ் அல்லது மேக் கணினியில் இப்படித் தட்டிப் பார்க்கலாம்:

```
dig +trace ta.wikipedia.org
```

வேர், org, wikipedia என்று படிப்படியாகப் பதில்கள் திரையில் இறங்கும். ஒவ்வொரு வரியிலும் பெயருக்கு அடுத்து ஓர் எண் நிற்கும். ரூட் சர்வர்களின் வரியில் அது அதிகபட்சம் 518400. Org-ஐக் கைகாட்டும் வரியில் 172800. விநாடிக் கணக்கு அது: முதலாவது ஆறு நாள், இரண்டாவது இரண்டு நாள். டிடிஎல் என்பார்கள். ‘இந்தப் பதிலை இவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு மறுபடி கேள்’ என்று பொருள். இந்த எண் இல்லையென்றால் உலகத்தின் ஒவ்வொரு கிளிக்கும் ரூட் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும். நிஜத்தில் மாணவியின் கேள்வி அவ்வளவு தூரம் போவதே அபூர்வம். அதே ரிசால்வரிடம் வேறு யாராவது சற்று முன் கேட்டிருப்பார்கள். பதில் கையிலேயே இருக்கும்.

வலைத்தளத்தை வேறு சர்வருக்கு மாற்றும்போது, ‘எல்லா இடத்துக்கும் பரவ 24 மணி முதல் 48 மணி நேரம் ஆகும்’ என்று சொல்வதைப் பலரும் கேட்டிருப்பார்கள். உண்மையில் எதுவும் பரவுவதில்லை. புதிய எண்ணை யாரும் யாருக்கும் அனுப்பி வைப்பதில்லை. பழைய எண்ணை ரிசால்வர்கள் மறக்கத்தான் நேரம் ஆகிறது.

ஒரு ஜவுளிக்கடையின் தளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் டிடிஎல் 86400, அதாவது ஒரு நாள். திங்கள் காலை 9.50க்கு ஒரு வாடிக்கையாளர் தளத்தைப் பார்க்கிறார். அவருடைய ரிசால்வர் பழைய எண்ணைக் குறித்துக்கொள்கிறது. 10 மணிக்குக் கடைக்காரர் எண்ணை மாற்றுகிறார். அந்த ரிசால்வரை நம்பியிருக்கும் எல்லாரும் செவ்வாய் காலை 9.50 வரை பழைய சர்வருக்கே போவார்கள். பக்கத்துத் தெருவில், வேறு ரிசால்வர் வைத்திருப்பவருக்கு 10.01க்கே புதிய தளம் தெரியலாம். ‘எனக்கு வருது, உனக்கு ஏன் வரல?’ என்ற கேள்வி பிறப்பது இங்கேதான். வழி எளிது. மாற்றுவதற்கு ஒரு நாளுக்கு மேல் முன்னதாகவே டிடிஎல்லை 300ஆகக் குறைத்துவிட வேண்டும். நீண்ட நினைவுகள் எல்லாம் அழிந்த பிறகு எண்ணை மாற்றினால் ஐந்தே நிமிடத்தில் வேலை முடியும். மாற்றும் அன்றே குறைத்துப் பயனில்லை. பழைய 86400-ஐ ரிசால்வர்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும்.

குறைந்த டிடிஎல்லுக்கு விலையும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று, இந்திய நேரம் இரவு 9 மணி தாண்டி, பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஒன்றாக விழுந்தன. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையைத் துண்டித்தது. மையங்களோடு பேச முடியாததால் அதன் டிஎன்எஸ் சர்வர்கள், தங்களுக்கு வரும் பாதைகளை இணையத்திலிருந்து தாங்களே விலக்கிக்கொண்டன. com சர்வர்கள் வழக்கம்போல் கைகாட்டிக்கொண்டுதான் இருந்தன. காட்டிய இடத்துக்குப் போகத்தான் வழியில்லை. தள முகவரிக்கான டிடிஎல் சில நிமிடங்களே என்பதால் ரிசால்வர்களின் நினைவும் விரைவில் தீர்ந்தது. போன்களும் செயலிகளும் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டன. கிளவுட்ஃபிளேரின் ரிசால்வருக்கு வழக்கத்தைப்போல் 30 மடங்கு கேள்விகள் குவிந்தன. சேவை மீளச் சுமார் ஆறு மணி நேரம் ஆனது.

அன்று ரிசால்வர்கள் தந்த பதில் SERVFAIL. கேட்க வேண்டியவரிடமிருந்து சரியான பதிலைப் பெற முடியவில்லை என்று பொருள். பெயர் சரி, சர்வரில்தான் கோளாறு. NXDOMAIN என்று வந்தால் கதை வேறு: அப்படி ஒரு பெயரே இல்லை என்று பொறுப்பானவர் அடித்துச் சொல்கிறார். குரோம் பிரவுசரில் அது DNS_PROBE_FINISHED_NXDOMAIN என்று தெரியும். எழுத்துப்பிழை, புதுப்பிக்க மறந்த டொமைன், இன்னும் பதிவு சேர்க்காத துணைப்பெயர் ஆகியவையே பெரும்பாலும் காரணம். விண்டோஸ் கணினியில் இரண்டு வரிகளில் சோதிக்கலாம்:

```
nslookup ta.wikipedia.org
nslookup ta.wikipedia.org 1.1.1.1
```

முதலாவது உங்கள் வழக்கமான ரிசால்வரைக் கேட்கும், இரண்டாவது கிளவுட்ஃபிளேரை. இரண்டாவதில் மட்டும் பதில் வந்தால் குறை பெரும்பாலும் உங்கள் ரிசால்வரில். இரண்டிலும் எண் வந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் தன் வேலையை முடித்துவிட்டது; கோளாறை அதற்குப் பிந்தைய இணைப்பில் தேட வேண்டும்.

புதிதாகத் தளம் தொடங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. ‘இல்லை’ என்ற பதிலையும் ரிசால்வர்கள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. கடையின் டொமைனில் shop என்ற துணைப்பெயரைச் சேர்க்கும் முன்பே, வந்துவிட்டதா என்று ஆர்வத்தில் ஒருமுறை திறந்து பார்த்தால், அந்த ‘இல்லை’ கேஷில் பதிந்துவிடும். பிறகு பதிவைச் சரியாகச் சேர்த்தாலும், அந்த டொமைனின் எஸ்ஓஏ பதிவில் குறித்திருக்கும் நேரம் தீரும் வரை அந்த ரிசால்வரை நம்பியிருப்பவர்களுக்குத் தளம் திறக்காது. அது ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். முதலில் பதிவைச் சேர்த்து, டொமைனின் சொந்த சர்வரிடமே nslookup மூலம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு பிரவுசரைத் திறப்பதுதான் சரியான வரிசை.