வெறுமையாக விட்ட இரண்டு நிரல்கள்

வட்டவளைத் தோட்டத்து லயத்திலிருந்து அக்கா மகள் வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பியிருந்தாள். உயர்தரப் பௌதிகவியல் செய்முறைக் கொப்பியின் ஒரு பக்கம். பென்சிலால் கோடிட்ட அட்டவணை. கீழே இருந்த கேள்வி படத்துக்குள் வரவில்லை. "மாமா, இதுல சராசரி எடுக்கணுமா, வரைபு போடணுமா, முடிவு எழுதினா போதுமா?" என்று கேட்டிருந்தாள்.

எளிய ஊசல் பரிசோதனை அது. நூலின் நீளம் 20, 40, 60, 80, 100 சென்ரிமீற்றர். ஒவ்வொரு நீளத்துக்கும் 20 அலைவுகளுக்கான நேரத்தை இரண்டு முறை எடுத்திருந்தாள். வலப்பக்கம் T, T² என்று தலைப்பிட்ட இரு நிரல்கள் வெறுமையாக இருந்தன. அந்த T² நிரலே கேள்விக்கு விடை. நேரத்தை வர்க்கமாக்கச் சொல்வது, நீளத்துக்கு எதிரே அதைக் குறித்தால் நேர்கோடு வரும் என்பதற்காகத்தான். ஆக மூன்றும் வேண்டும். சராசரி வரிசைக்குள், பிறகு வரைபு, அதிலிருந்து முடிவு.

சராசரி எடுக்குமுன் வரிசைகளைப் பார்க்கச் சொன்னேன். 20 செ.மீ. வரிசையில் 18.3, 18.5 செக்கன். 100இல் 40.3, 40.5. இரண்டும் நல்ல சோடிகள். 60இல் மட்டும் 29.8, 31.4. கையின் தாமதம் இவ்வளவு வித்தியாசம் தராது. அந்த நீளத்தில் ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 1.6 செக்கன் ஆகும்; வித்தியாசமும் அதே 1.6. ஓர் அலைவைக் கூடுதலாக எண்ணியிருக்கிறாள். ஊசலை விட்டவுடன் "ஒன்று" என்று தொடங்கினால் இப்படித்தான் 19 அலைவிலேயே கடிகாரம் நின்றுவிடும். "பூச்சியம்" என்று தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால் தவறு 30.6 என்ற ஒழுங்கான எண்ணுக்குள் மறைந்துபோயிருக்கும். அந்த வரிசையை மட்டும் மறுநாள் திரும்ப அளந்தாள்: 31.3, 31.5.

அடுத்து அவள் கேட்டது நியாயமான கேள்வி. T² = 4π²l/g என்ற சமன்பாடு கையில் இருக்கும்போது, ஒவ்வொரு வரிசைக்கும் g கண்டு ஐந்தையும் சராசரியாக்கினால் என்ன? செய்து பார்க்கச் சொன்னேன். 20 செ.மீ. வரிசை 9.3 தந்தது, 100 செ.மீ. வரிசை 9.7. இடையில் உள்ளவை ஒழுங்காக ஏறின. அங்குமிங்குமாகச் சிதறும் பிழையைத்தான் சராசரி குறைக்கும். எல்லா வரிசையிலும் ஒரே பக்கம் இழுக்கும் பிழையை அது தொடாது; ஐந்தின் சராசரியும் 9.6க்குக் கிட்டவே நிற்கிறது.

வரைபு போட்டாள். புள்ளிகள் அழகாக நேர்கோட்டில் விழுந்தன, ஆனால் கோடு உற்பத்தியினூடாகச் செல்லவில்லை. படித்திறனுக்குக் கோட்டிலேயே தூரமான இரண்டு இடங்களை எடுத்தாள்: 0.2 மீற்றரில் 0.85, 1 மீற்றரில் 4.08. 3.23ஐ 0.8ஆல் வகுக்க 4.04. 4π², அதாவது 39.48ஐ அதனால் வகுக்க g 9.77 வந்தது. இலங்கையில் உண்மைப் பெறுமானம் 9.78 அளவு.

கோட்டை இடப்பக்கம் நீட்டியபோது நீள அச்சை, பூச்சியத்துக்கு 1 செ.மீ. முன்னாலேயே வெட்டியது. ஊசற்குண்டின் விட்டம் என்ன என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு எழுதினாள்: "ரெண்டு சென்ரிமீற்றர், மாமா. நூல் கட்டின இடம் வரைக்கும்தான் அளந்தேன். நடுவரைக்கும் அளக்கல."

முடிவில் அதையும் எழுதச் சொன்னேன்.