பாமாயில் பறந்தது, குருணை தேங்கியது – ஏன்?



நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். பொருளாதாரப் புத்தகம் எதையும் தொட்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் குருணை அரிசியில் ஒரு நஷ்டம் பட்ட பிறகுதான், பிளஸ் ஒன் படித்த என் பேத்தியின் புத்தகத்தில் நமக்கு உதவும் கணக்கு ஒன்று இருப்பது தெரிந்தது. அதைத்தான் நமது உறுப்பினர்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்து நூற்பாலைகளில் சம்பள உயர்வு ஒப்பந்தம் ஆயிற்று. ஆட்கள் கையில் பணம் புரளும், எல்லாச் சரக்கும் கூடுதலாகப் போகும் என்று நினைத்தேன். மாதம் 50 சிப்பம் போகும் குருணையை 70 சிப்பமாக இறக்கினேன். அந்த மாதம் போனது 46 சிப்பம்தான். அடுத்த மாதமும் குறைந்தது. மீதிச் சரக்கில் வண்டு விழுந்து, கடைசியில் மாட்டுத் தீவனத்துக்குப் பாதி விலையில் தள்ளினேன். பணம் வந்தால் விற்பனை ஏறும் என்பது எல்லாச் சரக்குக்கும் பொருந்தாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

புத்தகத்தில் இரண்டு கணக்குகள் உள்ளன. ஒன்று குறுக்கு விலை நெகிழ்ச்சி. மற்றொன்று வருமான நெகிழ்ச்சி. பெயர்தான் பெரிது, கணக்கு ஒரே வகுத்தல்தான்.

வேறு சரக்கின் விலை மாறினால்

ஒரு சரக்கின் விலை மாறும்போது இன்னொரு சரக்கின் விற்பனை எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதே குறுக்கு விலை நெகிழ்ச்சி. விற்பனை மாறிய சதவீதத்தை மேலே போட வேண்டும். மற்றச் சரக்கின் விலை மாறிய சதவீதத்தைக் கீழே போட்டு வகுக்க வேண்டும். ஏறினால் கூட்டல் குறி, இறங்கினால் கழித்தல் குறி.

என் சிட்டையில் இருந்தே ஒரு கணக்கு. கடலெண்ணெய் விலை 160 ரூபாயிலிருந்து 184 ரூபாயானது. 24 ரூபாய் ஏற்றத்தைப் பழைய விலையான 160-ஆல் வகுத்தால் 15 சதவீதம். அந்த மாதம் பாமாயில் விலையில் மாற்றம் இல்லை. ஆனால் 100 டின் போய்க்கொண்டிருந்த பாமாயில் 118 டின் போனது. அதாவது 18 சதவீதம் ஏற்றம். 18-ஐ 15-ஆல் வகுத்தால் 1.2. விடை கூட்டல் குறியில் வந்தால் அவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சரக்குகள். புத்தகத்தில் பதிலீட்டுப் பண்டம் என்கிறார்கள். ஒன்றின் விலை ஏறினால் வாடிக்கையாளர் மற்றொன்றுக்குத் தாவுகிறார்.

இந்த 1.2 என்ற எண் கொள்முதலுக்கு உதவும். கடலெண்ணெய் இன்னும் 10 சதவீதம் ஏறும் என்று மண்டியில் பேச்சு வந்தால், பாமாயில் சுமார் 12 சதவீதம் கூடும் என்று கணக்குப் போடலாம். 118 டின்னுக்கு மேல் 14 டின் கூடுதலாக வைத்தால் போதும். ஐம்பது டின் இறக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே எண்ணைத் திருப்பிப் போடக் கூடாது. இன்னொரு சமயம் பாமாயில் விலை 10 சதவீதம் ஏறியது, கடலெண்ணெய் விலை அப்படியே இருந்தது. 50 டின் போன கடலெண்ணெய் 51 டின்தான் போனது. 2 சதவீதத்தை 10-ஆல் வகுத்தால் 0.2. கூட்டல் குறிதான், ஆனால் மிகச் சிறியது. காரணம் நமக்குத் தெரிந்ததே. கடலெண்ணெய் வாங்குபவர் கீழே இறங்கி வரலாம். பாமாயில் வாங்குபவர் விலை கூடிய கடலெண்ணெய்க்கு ஏறிப் போக முடியாது. அவர் அப்பளம் பொரிப்பதைக் குறைத்துக்கொள்வார். ஆகவே எதன் விலை மாறியது, எதன் விற்பனையைப் பார்க்கிறோம் என்பதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்.

அடுத்தது உளுந்தும் இட்லி அரிசியும். உளுந்து கிலோ 120 ரூபாயிலிருந்து 150 ரூபாயானால் 25 சதவீதம் ஏற்றம். அப்போது இட்லி அரிசி 80 சிப்பத்திலிருந்து 74 சிப்பமாகக் குறைந்தால் 7.5 சதவீதம் இறக்கம். கழித்தல் 7.5-ஐ 25-ஆல் வகுத்தால் கழித்தல் 0.3. கழித்தல் குறி வந்தால் அவை இணைச் சரக்குகள், அதாவது நிரப்புப் பண்டங்கள். இரண்டும் சேர்ந்தே மாவாகின்றன, ஆகவே ஒன்று விலை ஏறினால் மற்றதும் தேங்குகிறது. 2015-ஆம் ஆண்டு பருப்பு வகைகள் விலை தாறுமாறாக ஏறியபோது, அரிசி விலை ஏறவில்லையே என்று இட்லி அரிசியை வழக்கம்போல் இறக்கியவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள்.

விடை பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் அந்த இரண்டு சரக்குக்கும் தொடர்பில்லை என்று விட்டுவிடலாம். சீயக்காய் விலை ஏறியதற்காக உப்பு விற்பனை மாறப் போவதில்லை.

வாடிக்கையாளர் வருமானம் மாறினால்

இரண்டாவது கணக்கில் கீழே விலைக்குப் பதிலாக வருமானம் மாறிய சதவீதத்தைப் போட வேண்டும். என்னுடைய நூற்பாலை ஒப்பந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 15,000 ரூபாய் வாங்கியவர் 16,500 ரூபாய் வாங்கினார். 10 சதவீதம் உயர்வு. அரிசி விலைகள் அப்போது அசையவில்லை.

பொன்னி அரிசி 100 சிப்பத்திலிருந்து 106 சிப்பமாயிற்று. 6-ஐ 10-ஆல் வகுத்தால் 0.6. கூட்டல் குறி, ஆகவே இயல்புச் சரக்கு. வருமானம் கூடினால் கூடுதலாகப் போகும். ஆனால் 1-க்குக் குறைவாக இருப்பதால், வருமானம் கூடிய அளவுக்குக் கூடாது. வயிறு ஒன்றுதானே! எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியர் 1857-லேயே இதைச் சொல்லியிருக்கிறார். குடும்ப வருமானம் கூடக்கூட, அதில் உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்பது அவர் கண்ட விதி.

முந்திரிப் பருப்பு 20 கிலோவிலிருந்து 24 கிலோவாயிற்று. 20 சதவீதம் ஏற்றம். 10-ஆல் வகுத்தால் 2. இதுவும் இயல்புச் சரக்குதான். ஆனால் 1-க்கு மேல் போவதால் ஆடம்பர வகை. போனஸ் மாதத்தில் துணிந்து கூடுதலாக வைக்கலாம். சம்பளம் குறையும் காலத்தில் முதலில் நின்றுபோவதும் இதுதான்.

இப்போது என் குருணைக்கு வருவோம். 50 சிப்பம் 46 ஆனது. 8 சதவீதம் இறக்கம். கழித்தல் 8-ஐ 10-ஆல் வகுத்தால் கழித்தல் 0.8. வருமானம் ஏறும்போது விற்பனை இறங்கினால் அது தாழ்வுச் சரக்கு. கஞ்சிக்குக் குருணை வாங்கியவர்கள், கையில் பணம் வந்ததும் பொன்னிக்கு மாறிவிட்டார்கள். நான் கூட்டியிருக்க வேண்டியது பொன்னியில், கூட்டியது குருணையில்.

தாழ்வுச் சரக்கு என்றால் மட்டமான சரக்கு என்று பொருள் கொள்ள வேண்டாம். தரத்தைப் பற்றிய பேச்சே இதில் இல்லை. பணம் வந்தவர் அதை விட்டு விலகுகிறாரா என்பது மட்டுமே கேள்வி. அதே சரக்கு இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். என் இளமையில் கேழ்வரகு என்றால் ஏழை வீட்டுக் களி. நாலு காசு சேர்ந்தவர் நெல்லுச் சோற்றுக்குப் போய்விடுவார். இன்று சர்க்கரை வியாதிக்கு அஞ்சி, கார் வைத்திருப்பவர் கேழ்வரகு மாவு கேட்டு வருகிறார். ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கேட்பவர் இன்னும் கூடினர். ஆகவே அடுத்த ஊர்க்காரர் கணக்கை அப்படியே நம் கடைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

கணக்கு எங்கே ஏமாற்றும்?

சதவீதத்தை எப்போதும் பழைய எண்ணின் மீதே போட வேண்டும். 80 ரூபாய் 100 ரூபாயானால் 25 சதவீதம் ஏற்றம். புதிய விலையின் மீது போட்டால் 20 என்று வரும், வகுத்த விடையும் பிசகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே சமயத்தில் இரண்டு மாறுவது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து அடிபட்டு விலை ஏறியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே மாதம்தான் தடையை நீக்கியது. அப்போது பாமாயிலும் விலை கூடுதலாகவே இருந்தது. அந்த நேரத்துச் சிட்டையை வைத்து, சூரியகாந்தி விலை ஏறியது, பாமாயில் விற்பனை குறைந்தது என்று வகுத்தால் கழித்தல் குறி வரும். இரண்டும் இணைச் சரக்கு என்று கணக்கு சொல்லும். எந்த வீட்டில் இரண்டு எண்ணெயையும் சேர்த்து ஊற்றுகிறார்கள்? பாமாயில் குறைந்தது அதன் சொந்த விலை ஏறியதால். நாம் விற்பனையைப் பார்க்கும் சரக்கின் சொந்த விலை அசையாத மாதத்தை மட்டுமே கணக்குக்கு எடுக்க வேண்டும்.

அதுபோலவே தீபாவளி, பொங்கல் மாதங்களையும், ஆடி மாதத்தையும் ஒதுக்கிவிடுங்கள். ரேஷன் கடையில் பாமாயில் வராமல் போன மாதத்திலும் நம் கடை விற்பனை தானாகவே ஏறும். எதிரே புதுக் கடை திறந்த மாதத்தில் எல்லாமே இறங்கும். இவற்றையெல்லாம் விலையின் தலையில் கட்டக் கூடாது. வந்த விடை வழக்கத்துக்கு ஒவ்வாமல் இருந்தால், அந்த மாதம் வேறு என்ன நடந்தது என்று சிட்டையைப் புரட்டுங்கள்.

இதற்குத் தேவை ஒரு நாற்பது பக்க நோட்டு. எண்ணெய், அரிசி, பருப்பு ஆகிய மூன்றுக்கு மட்டும் மாத முடிவில் விலையையும் விற்பனையையும் எழுதி, பக்கத்தில் அந்த மாதத்து விசேஷத்தையும் ஒரு வரியில் குறித்துவையுங்கள். அடுத்த முறை எங்கள் பக்கத்து ஆலைகளில் சம்பளம் கூடியபோது நான் நோட்டைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தேன். பொன்னி 6 சிப்பம் கூடுதல், குருணை 4 சிப்பம் குறைவு. அந்த மாதம் கிடங்கில் வண்டு விழவில்லை.