ஒரு கடைக்கு ஒரு ஃபைல் போதும்

மளிகைக் கடையில் ஒரு கம்ப்யூட்டர், பில் போட ஒரு ஆள். அந்தக் கணக்கை எஸ்க்யூலைட்டில் வைப்பதா, போஸ்ட்கிரெஸ்ஸில் வைப்பதா? இரண்டுமே இலவசம். ஒரு கடையின் பில்களைத் தாங்கும் வலுவும் இரண்டுக்கும் உண்டு.

போஸ்ட்கிரெஸ் தனி சர்வர். பில்லிங் புரோகிராம் திறக்கும் முன்பே அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஏதோ காரணத்தால் அது கிளம்பாமல் போனால் காலையில் ஒரு பில்கூட விழாது. கடைக்காரரால் அதைச் சரிசெய்யவும் முடியாது. எஸ்க்யூலைட்டில் சர்வரே இல்லை. அது புரோகிராமுக்குள்ளேயே இருக்கிறது, கணக்கு முழுவதும் ஒரே ஃபைல். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் எழுத முடியும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஒரு பில் பதிவாவது கண் சிமிட்டும் நேரத்துக்குள். ஒற்றைக் கம்ப்யூட்டருக்கு என் ஓட்டு எஸ்க்யூலைட்டுக்கே.

சிக்கல் பேக்கப்பில் வருகிறது. வேகத்துக்காகப் பலரும் எஸ்க்யூலைட்டை வால் முறையில் வைப்பார்கள். அப்போது புதிய பில் நேராக `shop.db`-க்குப் போகாது. பக்கத்திலேயே உருவாகும் `shop.db-wal` என்ற ஃபைலில் சேரும். அதில் சுமார் 1000 பக்கங்கள் சேர்ந்த பிறகுதான் அவை மூல ஃபைலுக்கு மாற்றப்படும். ஒரு பில் எட்டுப் பக்கங்களைத் தொடுகிறது என்று வைத்தால், நூற்றுக்கும் மேற்பட்ட பில்கள் வெளியிலேயே நிற்கலாம். இரவில் புரோகிராமை மூடாமல் `shop.db`-யை மட்டும் பென்டிரைவில் காப்பி செய்தால், அந்தப் பில்கள் அதில் இருக்காது. காப்பி நடக்கும்போதே பில் விழுந்தால் அந்த நகல் திறக்காமலேகூடப் போகலாம். எனவே பேக்கப் பட்டனுக்குப் பின்னால் இருக்க வேண்டியது இது:

```sql
VACUUM INTO 'E:/shop-2025-06-10.db';
```

பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே இது முழுமையான நகலைத் தரும். அந்தப் பெயரில் ஏற்கெனவே பேக்கப் இருந்தால் மறுத்துவிடும். அதனால்தான் பெயரில் தேதி. நகலைத் திறந்து `PRAGMA integrity_check;` கொடுத்து, `ok` என்று வருகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

கடை வளர்ந்து இரண்டாவது கவுன்டர் வந்தால் நிலைமை வேறு. ஃபைலை ஷேர் ஃபோல்டரில் போட்டு இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் திறக்கலாமே என்று தோன்றும். கூடாது. நெட்வொர்க் வழியாக ஃபைலைப் பூட்டுவதை நம்ப முடியாது. வால் முறையோ நெட்வொர்க்கில் வேலையே செய்யாது. அவ்வப்போது `database is locked` என்று வரும். ஒருநாள் `database disk image is malformed` என்று வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாற வேண்டிய நேரம் இதுதான்.

அந்த நாளை நினைத்து ஆரம்பத்திலேயே இரண்டு காரியம் செய்யலாம். எஸ்க்யூலைட்டில் துல்லியமான தசம எண் வகை கிடையாது; அதனால் 49.50 ரூபாயை 4950 பைசா என முழு எண்ணாகவே வையுங்கள். டேபிளை உருவாக்கும்போது கடைசியில் `STRICT` சேருங்கள். அது இல்லாவிட்டால், எண்ணுக்கான கட்டத்தில் ‘அரை கிலோ’ என்று யாராவது டைப் செய்தாலும் எஸ்க்யூலைட் வாங்கி வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் வாங்காது.