ரன்னிங் அடிக்குள் என்ன இருக்கிறது?

மாடுலர் கிச்சனுக்கு இரண்டு கடைகளில் விலை கேட்டால், ஒருவர் ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்பார். இன்னொருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்பார். ரன்னிங் அடி என்பது சுவரை ஒட்டிக் கப்போர்டு ஓடும் நீளம் மட்டும். அதில் உயரம் சேராது. சதுர அடி என்பது முன்பக்கப் பரப்பு, அதாவது நீளத்தை உயரத்தால் பெருக்கி வருவது. இரண்டையும் ஒரே வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்காமல் எது மலிவு என்று சொல்லவே முடியாது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எல் வடிவச் சமையலறை. ஒரு சுவர் 10 அடி, மற்றது 8 அடி. மேடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கப்போர்டு, 10 அடிச் சுவரில் மட்டும் மேல் கப்போர்டு. முதல் கடைக்காரர் கீழ் கப்போர்டுக்கு ரன்னிங் அடி 3,600 ரூபாய், மேலுக்கு 2,000 ரூபாய் என்கிறார். 10, 8 இரண்டையும் கூட்டி 18 அடிக்கு 64,800, மேலே 20,000, ஆக மொத்தம் 84,800. இரண்டாமவர் சதுர அடிக்கு 1,700 ரூபாய் என்கிறார். கீழே 16 அடி நீளம், இரண்டே முக்கால் அடி உயரம், அது 44 சதுர அடி. மேலே 10 அடி நீளம், 2 அடி உயரம், அது 20 சதுர அடி. 64 சதுர அடிக்கு 1,08,800 ரூபாய். இருவருக்கும் நடுவே 24,000 ரூபாய் வித்தியாசம்.

ஒருவர் 18 அடி என்கிறார், மற்றவர் 16 அடி என்கிறார். மூலைதான் காரணம். கப்போர்டின் ஆழம் 2 அடி. மூலையில் இருக்கும் அந்த 2 அடி, இரண்டு சுவர்களின் அளவிலும் வந்துவிடுகிறது. அதை ஒருமுறைதான் எண்ண வேண்டும். முதல் கொட்டேஷனில் இதைத் திருத்தினால் 7,200 ரூபாய் குறைந்து 77,600 ஆகிறது.

அடுத்து ஃபிட்டிங்ஸ். இரண்டாமவரின் விலையில் மூன்று டேண்டம் டிராயர்களும் எல்லாக் கதவுக்கும் சாஃப்ட் குளோஸ் கீல்களும் அடக்கம். முதலாமவர் ‘ஆக்சசரீஸ் தனி’ என்று கடைசி வரியில் போட்டிருக்கிறார். டிராயர் ஒன்றுக்கு 7,000 என்று மூன்றுக்கு 21,000. 20 கீல்களைச் சாஃப்ட் குளோஸாக மாற்ற 4,000. சேர்த்தால் 1,02,600. இப்போது இருவருக்கும் வித்தியாசம் 6,200 ரூபாய்தான்.

ஹெட்டிக், ஹாஃபெலே, புளூம், எப்கோ என்று பெயர் மட்டும் எழுதியிருந்தால் போதாது. எல்லா நிறுவனங்களிலும் விலை குறைந்த ரகமும் உண்டு, கூடிய ரகமும் உண்டு. கீல் மட்டும் அந்த பிராண்டாகவும், அரிசி டப்பாக்களின் பாரத்தைத் தாங்க வேண்டிய சேனல் வேறு ஏதோவாகவும் இருக்கலாம். எனவே கீலுக்கும் டிராயருக்கும் தனித்தனியே மாடல் பெயர், எத்தனை கிலோ தாங்கும், எத்தனை எண்ணிக்கை என்று எழுதி வாங்குங்கள்.

மிச்சமுள்ள 6,200 ரூபாயைப் பலகைதான் தீர்மானிக்க வேண்டும். முதல் கொட்டேஷனில் ‘பிளைவுட்’ என்று மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் கீழ்ப்பெட்டிக்கு ஐஎஸ் 710 பிடபிள்யூபி பிளைவுட், கதவுக்கு எச்டிஎச்எம்ஆர் என்று தெளிவாக இருக்கிறது. ஐஎஸ் 710 மெரைன் பிளைவுட்டின் ஒட்டு, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக் கூடாது. எம்ஆர் என்று விற்கும் பிளைவுட் ஈரக்காற்றைத் தாங்கும், ஆனால் சிங்க் அடியில் சொட்டும் தண்ணீரை நெடுநாள் தாங்காது. எச்டிஎச்எம்ஆர் என்பது மரநாரை அழுத்திச் செய்யும் அடர்த்தியான பலகை. முகம் வழவழப்பாக இருப்பதால் கதவுக்கு நல்லது. ஆனால் ஓரப் பட்டை பிரிந்து தண்ணீர் உள்ளே போனால் அதுவும் உப்பும். பார்ட்டிகிள் போர்டு இன்னும் சீக்கிரம் உப்பி, திருகாணியின் பிடியை விட்டுவிடும்.

லேமினேட் ஒட்டியபின் எந்தப் பலகை என்று கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். ஐஎஸ்ஐ முத்திரையும் CM/L உரிம எண்ணும் முழுப் பலகையின் மேல்தான் இருக்கும். அறுத்த துண்டுகள் எல்லாவற்றிலும் வராது. அதனால் அறுப்பதற்கு முன்பே பட்டறைக்குப் போய்ப் பாருங்கள், அல்லது முத்திரை தெரியப் படம் கேளுங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரியும்.

முதல் கடைக்காரர் அதே ஐஎஸ் 710 பலகையை எழுத்தில் தரச் சம்மதித்தால், என் கணக்கில் அவரிடமே கொடுக்கலாம். தராவிட்டால் 6,200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து இரண்டாமவரிடம் போவேன். பணம் இன்னும் இடிக்கிறதென்றால், மேல் கப்போர்டின் பலகையைக் குறைந்த ரகமாக்கலாம். அங்கே தண்ணீர் அதிகம் படாது. சிங்க் பெட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள்.