பொறிக் குளிர்வி

பொறிக் குளிர்வி என்பது உள் எரி பொறியின் உலோகப் பகுதிகளில் தோன்றும் மிகுதியான வெப்பத்தை எடுத்துச் சென்று ரேடியேட்டர் வழியாகக் காற்றில் வெளியேற்றும் நீர்மம் ஆகும். பேச்சு வழக்கில் இது கூலண்ட் எனப்படுகிறது. இன்றைய தானுந்துகளில் பயன்படும் பெரும்பாலான குளிர்விகள் நீர், எத்திலீன் கிளைக்கால், அரிப்புத் தடுப்பிகள், சாயம் ஆகியவற்றின் கலவையாகும். இந்நான்கில் கண்ணுக்குத் தெரிவது சாயம் மட்டுமே. ஆனால் பொறியின் பாதுகாப்பில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. பச்சை, சிவப்பு, நீலம் எனக் குளிர்விகளை நிறத்தால் பிரித்தறியும் வழக்கம் பரவலாக இருப்பினும், நிறத்திற்கும் வேதியியல் உள்ளடக்கத்திற்கும் இடையே அனைவரும் ஏற்றுக்கொண்ட பொது விதி எதுவும் இல்லை.

## நீரும் எத்திலீன் கிளைக்காலும்

வெப்பத்தை எடுத்துச் செல்வதில் நீர் மிகச் சிறந்த நீர்மம் ஆகும். சம பருமனளவு நீரும் எத்திலீன் கிளைக்காலும் சேர்ந்த கலவை, அதே பருமனளவுள்ள நீரைவிடச் சற்றேறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவான வெப்பத்தையே ஏந்தும். எனினும் நீருக்கு மூன்று குறைகள் உள்ளன. அது 0 °C இல் உறைந்து விரிவடைந்து பொறியின் உடலைப் பிளந்துவிடக்கூடும், 100 °C இல் கொதிக்கிறது, உலோகங்களை அரிக்கிறது. முதல் இரண்டு குறைகளை எத்திலீன் கிளைக்கால் போக்குகிறது. மூன்றாவதை அது போக்குவதில்லை.

எத்திலீன் கிளைக்கால் (C₂H₆O₂) நிறமற்ற, இனிப்புச் சுவையுள்ள, நச்சுத்தன்மை கொண்ட நீர்மம். இதனைப் பிரெஞ்சு வேதியியலாளர் சார்லஸ் அடால்ஃப் வூர்ட்சு 1850களில் முதன்முதலில் உருவாக்கினார். தொடக்ககாலத் தானுந்துகளில் உறைவதைத் தடுக்க மெத்தனால் போன்ற ஆல்ககால்கள் பயன்பட்டன. அவை பொறியின் சூட்டில் எளிதில் ஆவியாகிவிட்டதால் அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தது. ஏறத்தாழ 197 °C கொதிநிலை கொண்ட எத்திலீன் கிளைக்கால் அவ்வாறு ஆவியாவதில்லை. 1920களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இது, படிப்படியாக ஆல்ககால்களின் இடத்தைப் பிடித்தது.

தூய எத்திலீன் கிளைக்கால் சுமார் -13 °C இலேயே உறைகிறது. நீருடன் சம அளவில் கலந்தாலோ உறைநிலை சுமார் -37 °C வரை இறங்குகிறது. எனவே கிளைக்காலின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதால் பயன் தொடர்ந்து பெருகுவதில்லை. ஏறத்தாழ 70 விழுக்காட்டைக் கடந்த பின் உறைநிலை மீண்டும் ஏறத் தொடங்குகிறது. வெப்பத்தை ஏந்தும் திறனும் குறைகிறது. இதனால் 50 விழுக்காடு பொதுவான அளவாக அமைந்துள்ளது.

## கொதிநிலை எவ்வளவு உயர்கிறது?

ஒரு நீர்மத்தில் ஆவியாகாத வேறொரு பொருள் கரைந்திருக்கும்போது அதன் கொதிநிலை உயர்கிறது. ஒரு கிலோகிராம் நீரில் ஒரு மோல் பொருள் கரைந்தால் கொதிநிலை சுமார் 0.51 பாகை உயரும் என்பது ஐதான கரைசல்களுக்கான விதி. ஒரு லிட்டர் நீரில் ஒரு லிட்டர் எத்திலீன் கிளைக்கால் கலப்பதாகக் கொள்வோம். கிளைக்காலின் அடர்த்தி லிட்டருக்கு 1.11 கிலோகிராம், மூலக்கூற்று நிறை 62.

```
1110 / 62    ≈ 17.9 மோல்
17.9 × 0.51  ≈ 9 பாகை
```

இக்கணக்கின்படி கொதிநிலை 109 °C ஆகும். இவ்வளவு செறிந்த கலவைக்கு ஐதான கரைசலின் விதி துல்லியமாகப் பொருந்தாது. நடைமுறையில் வளிமண்டல அழுத்தத்தில் இக்கலவை சுமார் 107 முதல் 108 °C இல் கொதிக்கிறது. அதாவது கிளைக்காலால் கிடைக்கும் உயர்வு ஏறத்தாழ 8 பாகை மட்டுமே.

இதைவிடப் பெரிய உயர்வைத் தருவது ரேடியேட்டரின் அழுத்த மூடியாகும். வளிமண்டல அழுத்தத்தைவிட ஒரு பார் கூடுதலான அழுத்தத்தைத் தாங்கும் மூடியின் கீழ், நீர் மட்டுமே இருந்தாலும் அதன் கொதிநிலை 120 °C ஆகிறது. அதே மூடியின் கீழ்ச் சம அளவுக் கலவை சுமார் 129 °C இல் கொதிக்கும். இருபது பாகை மூடியால் வருவது. எஞ்சிய எட்டு அல்லது ஒன்பது பாகை கிளைக்காலால் வருவது. ஆகவே குளிர்வி புதியதாக இருந்தும் பொறி கொதித்தால், மூடியின் இரப்பர் வளையமும் சுருள்வில்லும் தேய்ந்துள்ளனவா எனப் பார்ப்பது தேவை.

சூடான பொறியின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். 115 °C வெப்பநிலையில் அழுத்தத்தின் கீழ் அமைதியாக இருக்கும் குளிர்வி, மூடி திறந்து அழுத்தம் நீங்கியவுடன் தன் கொதிநிலைக்கு மேல் நிற்கிறது. அதனால் அதன் ஒரு பகுதி உடனே ஆவியாகிக் கொதிநீரை வெளியே பீய்ச்சுகிறது.

## அரிப்புத் தடுப்பிகள்

பொறியின் குளிர்விப் பாதையில் வார்ப்பிரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை, பற்றாசு எனப் பல உலோகங்கள் ஒரே நீர்மத்தில் நனைந்துள்ளன. இது மின்வேதி அரிப்புக்கு ஏற்ற சூழல். போதாக்குறைக்கு, கிளைக்கால் வெப்பத்தாலும் ஆக்சிசனாலும் மெல்லச் சிதைந்து கிளைக்காலிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகிறது. தடுப்பிகள் அற்ற கிளைக்கால் கலவை காலப்போக்கில் வெறும் நீரைவிட மோசமாக அரிக்கக்கூடும். எனவே குளிர்விக்கு ஆயுள் முடிவது பெரும்பாலும் கிளைக்கால் தீர்வதால் அன்று, தடுப்பிகள் தீர்வதாலேயே ஆகும். தடுப்பிகளின் அடிப்படையில் குளிர்விகள் மூன்று வகைப்படும்.

கனிம உப்பு வகை: சிலிக்கேட்டு, பாசுபேட்டு, போரேட்டு முதலிய உப்புகளைக் கொண்டது. சிலிக்கேட்டு அலுமினியத்தின் மேல் விரைந்து ஒரு மெல்லிய காப்புப் படலத்தை அமைக்கிறது. படலம் அமைவதிலேயே உப்புகள் செலவாவதால் இவ்வகையை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

கரிம அமில வகை: செபாசிக் அமிலம், எத்தில் எக்சனாயிக் அமிலம் போன்றவற்றின் உப்புகளைக் கொண்டது. இவை உலோகம் முழுவதையும் மூடாமல், அரிப்புத் தொடங்கும் இடங்களிலேயே முதன்மையாகப் படிகின்றன. ஆகையால் மெதுவாகவே செலவாகின்றன. ஐந்து ஆண்டுகள் வரை நீடிக்கின்றன. ஆனால் காப்பு அமைய நேரம் பிடிக்கிறது.

கலப்பு வகை: கரிம அமிலங்களுடன் சிறிதளவு கனிம உப்பையும் சேர்த்தது. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சிலிக்கேட்டைச் சேர்த்துப் பாசுபேட்டைத் தவிர்த்தனர். கடின நீரில் பாசுபேட்டு படிவாகிவிடும் என்பது காரணம். சப்பானியத் தயாரிப்பாளர்கள் நீர் எக்கியின் அடைப்பு வளையங்கள் தேய்வதைக் கருதிச் சிலிக்கேட்டைத் தவிர்த்துப் பாசுபேட்டைச் சேர்த்தனர்.

## நிறம் எதைக் குறிக்கிறது?

எத்திலீன் கிளைக்காலும் தடுப்பிகளும் பெரும்பாலும் நிறமற்றவை. தயாரிப்பாளர் சேர்க்கும் சாயமே குளிர்விக்கு நிறம் தருகிறது. அமெரிக்காவில் நெடுங்காலம் கனிம உப்பு வகை பச்சை நிறத்தில் விற்கப்பட்டதாலும், 1990களின் நடுவில் செனரல் மோட்டார்சு நிறுவனம் கரிம அமில வகையை ஆரஞ்சு நிறத்தில் அறிமுகப்படுத்தியதாலும் "பச்சை பழைய வகை, ஆரஞ்சு புதிய வகை" என்ற எண்ணம் உருவானது. பிற நாடுகளின் வண்டிகளைப் பார்த்தால் இவ்வெண்ணம் நிலைப்பதில்லை.

டொயோட்டாவின் நீடித்த ஆயுள் குளிர்வி இளஞ்சிவப்பு. ஓண்டாவின் குளிர்வி நீலம். நிறம் வேறாயினும் இரண்டும் பாசுபேட்டும் கரிம அமிலமும் சேர்ந்த கலப்பு வகையே. மாறாக, வோக்சுவாகன் ஜி12 என்ற பெயரில் பயன்படுத்திய குளிர்வியும் சிவப்புச் சார்ந்த நிறமே. ஆனால் அது பாசுபேட்டு இல்லாத கரிம அமில வகை. நிசானின் பச்சைக் குளிர்வி பாசுபேட்டு கொண்டது. பழைய அமெரிக்கப் பச்சையோ சிலிக்கேட்டு கொண்டது. ஆக ஒரே நிறத்தில் வேறு வகைகளும், வெவ்வேறு நிறங்களில் ஒரே வகையும் உள்ளன.

எனினும் நிறத்துக்குச் சில பயன்கள் உண்டு. தரையில் சொட்டியிருப்பது குளிர்வியா, குளிரூட்டியிலிருந்து வடிந்த நீரா என அது காட்டுகிறது. இருந்த நிறம் *மாறுவதும்* ஓர் அறிகுறியாகும். பழுப்பு நிறமாகிக் கலங்கியிருந்தால் துருவோ ஒவ்வாத கலப்போ காரணமாகலாம். பால் கலந்த காப்பி போல் தோன்றினால், எண்ணெய் கலந்துள்ளது என்றும் சிலிண்டர் தலைக் கேஸ்கெட் அல்லது எண்ணெய்க் குளிர்விப்பான் பழுதுற்றுள்ளது என்றும் ஐயுற வேண்டும். ஆனால் நிறம் தெளிவாக இருப்பது குளிர்வி நல்ல நிலையில் உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

## எடுத்துக்காட்டு: நீர் ஊற்றி நிரப்புதல்

6 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு பொறியில் 50 விழுக்காடு கலவை உள்ளது எனக் கொள்வோம். அதில் கிளைக்கால் 3 லிட்டர். சிறு கசிவால் ஒரு லிட்டர் குறையும் ஒவ்வொரு முறையும் உரிமையாளர் ஒரு லிட்டர் கிணற்று நீர் ஊற்றுகிறார். ஒவ்வொரு முறையும் எஞ்சுவது முந்தைய அளவில் ஆறில் ஐந்து பங்கு.

```
தொடக்கம்       50 %
முதல் முறை     41.7 %
இரண்டாம் முறை  34.7 %
மூன்றாம் முறை   28.9 %
```

சென்னை போன்ற இடத்தில் உறைநிலையைப் பற்றிக் கவலை இல்லை. கொதிநிலையிலும் நான்கைந்து பாகையே இழப்பு. உண்மையான இழப்பு தடுப்பிகளில் உள்ளது. அவை தொடக்க அளவில் 58 விழுக்காடாகக் குறைந்துவிட்டன. அத்துடன் கிணற்று நீரின் கால்சியம், பாசுபேட்டையும் சிலிக்கேட்டையும் படிவாக்கி மேலும் குறைக்கிறது. அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் குழி விழச் செய்கிறது. சாயம் மட்டும் சற்று வெளிறியதாக, அப்போதும் பச்சையாகவே தெரியும்.

கலவையின் செறிவை ஒளிவிலகல்மானியால் ஓரிரு துளிகளைக் கொண்டே அளக்கலாம். ஆனால் அது கிளைக்காலை மட்டுமே காட்டும்; தடுப்பிகளைக் காட்டாது. அதற்குச் சோதனைத் தாள் கொண்டு காரத்தன்மை பார்க்கப்படுகிறது. புதிய குளிர்வியின் பி.எச். மதிப்பு பொதுவாக 8 முதல் 11 வரை இருக்கும். அது 7 ஐ நெருங்கினால் அமிலங்கள் மேலோங்கிவிட்டன எனப் பொருள்.

மேற்கண்ட பொறியில் செறிவை மட்டும் மீட்க, சுமார் 1.8 லிட்டரை வடித்துவிட்டு அதே அளவு கலக்காத குளிர்வியை ஊற்றினால் போதும். கடின நீர் சேர்ந்துவிட்டதால், கசிவை அடைத்துப் பழையதை முழுதும் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் அலசிப் புதிதாக நிரப்புவதே ஏற்றது. இனிமேல் ஊற்றுவதும் காய்ச்சி வடித்த நீராகவோ முன்கலந்த குளிர்வியாகவோ இருக்க வேண்டும்.

## தேர்ந்தெடுத்தலும் நச்சுத்தன்மையும்

குளிர்வியைத் தேர்ந்தெடுக்க நிறத்தைப் பாராமல், வண்டியின் கையேட்டில் உள்ள விவரக்குறிப்பு எண்ணைப் புட்டியின் பின்புறச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். உள்ளே இருப்பது எவ்வகை எனத் தெரியாதபோது முழுதும் மாற்றிவிடுவது பாதுகாப்பானது. ஒவ்வாத வகைகள் கலந்தால் உடனே பொறி நின்றுவிடும் என்பதில்லை. பெரும்பாலும் நீண்ட ஆயுள் வகையின் ஆயுள் குறைகிறது, சில வேளைகளில் கூழ்மம் படிந்து ரேடியேட்டரின் குழாய்கள் அடைபடுகின்றன.

எத்திலீன் கிளைக்கால் உடலுக்குள் கிளைக்காலிக், ஆக்சாலிக் அமிலங்களாக மாறிச் சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது. வளர்ந்த மனிதர் ஒருவருக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டரே உயிருக்கு ஆபத்தானது. அதன் இனிப்புச் சுவையால் குழந்தைகளும் நாய்களும் பூனைகளும் குடித்துவிட நேர்கிறது. குடித்தவரை அறிகுறிகள் தோன்றும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கொடுத்தால் பயன் தரும் மாற்று மருந்துகள் உள்ளன. நச்சுத்தன்மை குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால் குளிர்விகளும் விற்கப்படுகின்றன. அவையும் பல நிறங்களில் வருவதால், எது எதுவென்று நிறத்தைக் கொண்டு அறிய இயலாது. வடித்த குளிர்வியைக் குடிநீர்ப் புட்டிகளில் வைப்பதும் திறந்த பாத்திரத்தில் விடுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.